அம்மாவின் கையொப்பத்துக்காக வீட்டுக்கு வர வேண்டுதல்

மன்னார்குடி
10.11.2025

கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் திருமதி ராஜேஸ்வரியின் மகள் நான். அம்மாவுக்கு வயது 82. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தபின் படுக்கையில்தான் இருக்கிறார். நவம்பர் 24 அன்று முதிர்வடையும் அவருடைய வைப்புத்தொகையை முடித்துச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வங்கிச் சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. அதன்படி அலுவலர் ஒருவரை அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கை நடுங்குகிறது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் ஒழுங்காக விழுகின்றன. 'ஸ்வ' வரும்போது பேனா கீழே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பழைய மாதிரிக் கையொப்பத்தோடு அது ஒத்துப்போகாது. ஆகவே இரு சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை பெறலாம். ஒருவர் தங்கள் அலுவலராக இருப்பார். தங்கள் கிளையிலேயே கணக்கு வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மற்றவராக இருக்கச் சம்மதித்துள்ளார். அம்மாவின் நினைவு தெளிவாக இருக்கிறது. எதில் ரேகை வைக்கிறார் என்பதை அவரிடமே நேரடியாக விளக்கிச் சொல்லுங்கள். அவர் அதை விரும்புவார்.

காலை 11 மணிக்கு மேல் வந்தால் நல்லது. ஆதார் அட்டை, பாஸ்புக், வைப்புத்தொகை ரசீது தயாராக இருக்கும். மருத்துவரின் சான்றிதழை இணைத்துள்ளேன். சேவைக் கட்டணத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வரும் நாளை, நாமினியாகப் பதிவாகியுள்ள என் கைபேசி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ரா. கலைச்செல்வி