நாவல்மேடு திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா: முகநூல் பதிவும் பத்திரிகைச் செய்தியும்

அண்ணா, வணக்கம். நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டையும் எழுதிவிட்டேன். போடும் முன் சில விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் கர்ண மோட்சத்துக்கு 22 வியாழன் என்று இருக்கிறது. மேல் வரியில் 21-ம் வியாழன்தான். 22 வெள்ளி, அப்படியே திருத்திவிட்டேன். படுகளம் வரியில் டியூப்லைட் வெளிச்சம் அடித்து மணி தெரியவில்லை. போனில் நீங்கள் சொன்ன காலை 10 மணியைப் போட்டிருக்கிறேன். வீதியுலாவுக்கு '24-ந் தேதி இரவு 12 மணி' என்று இருந்தது. அது எந்த இரவு என்று பாதிப் பேருக்குக் குழப்பம் வரும். 'ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்' என்று எழுதிவிட்டேன். கூத்துக்கும் அதே முறைதான். இல்லாவிட்டால் பெங்களூரில் இருப்பவர்கள் பதினெட்டாம் போர் பார்க்க ஞாயிறு ராத்திரி வந்து இறங்குவார்கள்.

நன்கொடையாளர் பெயர்களைப் பதிவில் சேர்க்கவில்லை. யாராவது கோபித்துக்கொண்டால், நோட்டீஸ் படமே கூட இருக்கிறதே என்று சொல்லிவிடுங்கள்.

முகநூல், வாட்ஸ்அப் பதிவு

மத்தளம் கட்டியாச்சு! 🥁

நம்ம நாவல்மேடு திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா. மே 3 ஞாயிறு காலை 6 மணிக்குக் கொடியேற்றம்.

📖 பாரதச் சொற்பொழிவு: மே 6 புதன் முதல் 23 சனி வரை, தினமும் பகல் 2 முதல் 5.30 வரை

🎭 கூத்து: மே 14 வியாழன் முதல் 23 சனி வரை, தினமும் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும் வரை

வியாழன் 14 வில் வளைப்பு
வெள்ளி 15 சுபத்திரை திருமணம்
சனி 16 இராஜசூய யாகம்
ஞாயிறு 17 பகடை துகில்
திங்கள் 18 அர்ச்சுனன் தபசு
செவ்வாய் 19 கீசக வதம்
புதன் 20 கிருஷ்ணன் தூது
வியாழன் 21 அபிமன்யு வதம்
வெள்ளி 22 கர்ண மோட்சம்
சனி 23 பதினெட்டாம் போர் (விடிந்தால் படுகளம்!)

🔥 மே 24 ஞாயிறு: காலை 10 படுகளம், மாலை 6 தீமிதி, இரவு 12 சுவாமி வீதியுலா (விடிந்தால் திங்கள்)
👑 மே 25 திங்கள் காலை 9: தருமர் பட்டாபிஷேகம்

ஒரு ராத்திரிக்குத்தான் லீவு கிடைக்கும் என்றால் சனிக்கிழமை வாங்க. கூத்து பார்த்து, படுகளம் பார்த்து, தீமிதியும் பார்த்துவிட்டுப் போகலாம். பாயும் போர்வையும் கொண்டு வாங்க. தூக்கம் வந்தாலும் கட்டியங்காரன் விடமாட்டான்.

#நாவல்மேடு #அக்னிவசந்தவிழா #தெருக்கூத்து

பத்திரிகைச் செய்தி

நாவல்மேட்டில் மே 24-ல் தீமிதி விழா: 10 இரவுகள் மகாபாரதக் கூத்து

வந்தவாசி, ஏப்.27: வந்தவாசி அருகே நாவல்மேடு கிராமத்தில் உள்ள திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா, மே 3-ம் தேதி (ஞாயிறு) காலை 6 மணிக்குக் கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. மே 24-ம் தேதி மாலை 6 மணிக்குத் தீமிதி நடைபெறும்.

மே 6 முதல் 23 வரை 18 நாட்கள், பகல் 2 மணி முதல் 5.30 மணி வரை மகாபாரதச் சொற்பொழிவு நடைபெறும். மே 14 முதல் 23 வரை 10 இரவுகள் கோயில் திடலில் தெருக்கூத்து நடைபெறும். தினமும் இரவு 10 மணிக்குத் தொடங்கும் கூத்து மறுநாள் விடியும் வரை தொடரும். வில் வளைப்பில் தொடங்கி, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் உள்ளிட்ட பகுதிகள் ஆடப்பட்டு, மே 23 சனிக்கிழமை இரவு பதினெட்டாம் போருடன் கூத்து நிறைவடையும்.

அர்ச்சுனன் தபசின்போது, அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சைப் பழம், பூ ஆகியவற்றைக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுவது வழக்கம்.

மே 24 ஞாயிறு காலை 10 மணிக்குப் படுகளம் நடைபெறும். மண்ணால் செய்து தரையில் கிடத்தப்பட்ட பெரிய துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளக்க, திரௌபதி சபதம் முடித்துக் கூந்தல் முடிப்பார். காப்புக் கட்டி விரதமிருந்த பக்தர்கள் அன்று மாலை தீமிதிப்பார்கள். நள்ளிரவு 12 மணிக்கு (விடிந்தால் திங்கள்) சுவாமி வீதியுலா புறப்படும். மே 25 திங்கள்கிழமை காலை 9 மணிக்குத் தருமர் பட்டாபிஷேகத்துடன் விழா நிறைவடையும்.

விழா ஏற்பாடுகளைக் கிராம மக்களும் விழாக் குழுவினரும் செய்துவருகின்றனர்.

படக்குறிப்பு: நாவல்மேடு கோயில் வாசலில் ஒட்டப்பட்டுள்ள விழா நோட்டீஸ்.