அந்த நாற்காலி அங்கேயே இருக்கட்டும், அம்மிணி

கோபி
புதன்கிழமை ராத்திரி

அன்புள்ள அம்மிணிக்கு,

நல்லா இருக்கிறாயா? மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே. போனில் பேசலாம் என்றால் பாதியில் யாராவது கூப்பிட்டுப் பேச்சு அறுந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் நீ படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பிரம்பு நாற்காலி விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஹாலைக் காட்டியபோது சோபா, திரை, டிவி அலமாரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டாய். ஜன்னல் பக்கம் போன் திரும்பினதும் "அண்ணா, அதை இன்னும் எடுக்கலையா" என்றாய், முகமே மாறிவிட்டது. அப்புறம் நேற்றும் இன்றும் செய்தி வேறு. அந்த இடத்தில் ஒரு செடி வை, இல்லாவிட்டால் இந்த மாதிரி ஒரு குஷன் சேர் வாங்கு என்று படமும் அனுப்பியிருந்தாய்.

நீ தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவருக்கு அந்த வெளிர் நிறம் வேண்டாம், அழுக்காகும் என்று நான்தான் சொன்னேன், இப்போது சாயந்திர வெளிச்சத்தில் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. பழைய சிவப்புத் தரையை எடுத்ததில் மட்டும் மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, ஆனால் அது பாளம்பாளமாக வெடித்துப் போயிருந்தது, வேறு வழியில்லை. மற்றதெல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. நாற்காலி மட்டும் போகாது. ஏன் என்று சொல்கிறேன்.

பெயிண்ட் வேலை தொடங்கினபோது பழைய சாமானெல்லாம் பின்னாடி சாளைக்குப் போனது. நாற்காலியும் போனது. நானும் அப்போது உன் கட்சிதான், வேலை முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றே நினைத்திருந்தேன். சோபா வந்த அன்றைக்கு அம்மாவைத்தான் முதலில் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தாள். உன் நங்கையா காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் போன் பேசிக்கொண்டே கவனித்தேன், ஒரு தடவை முன்னால் நகர்ந்தாள், டீப்பாயைப் பிடித்தாள், அது நகர்ந்தது, மறுபடியும் பின்னால் சாய்ந்துகொண்டாள். யாரையும் கூப்பிடவில்லை. டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள், ஆனால் டிவி அணைந்து கிடந்தது. நான் போய்க் கையைக் கொடுத்த பிறகுதான் எழுந்தாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் ஹால் பக்கமே வரவில்லை. சமையற்கட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், கேட்டால் "இங்கயே காத்து நல்லா வருது" என்பாள். அங்கே எங்கேயிருந்து காற்று வரும், உனக்குத் தெரியாதா.

நான்காம் நாள் மத்தியானம் ஸ்பிரேயர் எடுக்கச் சாளைக்குப் போனேன். உர மூட்டைக்கும் பழைய கதவுக்கும் நடுவில் அந்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் கைப்பிடி மேல். அம்மிணி, நம் வீட்டில் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. அப்பாரு இருந்தவரைக்கும் அது அப்பாருவுடையது, அப்புறம் அப்பாவுடையது, அப்பா போய் நாலு வருஷம் அது சும்மாதான் கிடந்தது, அப்போதும் அவள் பக்கத்தில் ஜமுக்காளத்தை விரித்துக் கீழேதான் உட்காருவாள், முழங்கால் வலி வந்து கீழே உட்கார முடியாமல் போகிறவரைக்கும். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்துவிட்ட மாதிரி எழப் பார்த்தாள். எழுந்தும்விட்டாள், ஒரே மூச்சில், கைப்பிடியை அழுத்திக்கொண்டு. "இதுல உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ஒருத்தரையும் கூப்புட வேண்டியதில்ல கண்ணு" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயந்திரம் டேப் வைத்து அளந்து பார்த்தேன். சோபா தரையிலிருந்து 16 அங்குலம், உட்கார்ந்தால் அமுங்கி 12க்கு வந்துவிடுகிறது. நாற்காலி 18 அங்குலம், உட்கார்ந்தாலும் அரை அங்குலம்தான் இறங்கும். சோபாவின் கை உருண்டையாக மெத்தென்று இருக்கிறது, பிடித்து ஊன்ற முடியாது. நாற்காலியில் கைப்பிடி முழங்கை தாண்டி நீண்டிருப்பதால் உடம்பை முன்னால் கொண்டுவந்த பிறகும் ஊன்ற மரம் இருக்கிறது. இதையெல்லாம் கடையில் யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கலர்தான் பார்த்தோம்.

அப்போதே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன், ஆனால் நடுவில் ஏழெட்டு இழை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. நம் வீட்டுக்கு வந்து பின்னித் தருவாரே, கண் தெரியாத பெரியவர், அவர் இப்போது இல்லை. அவர் வருகிற நாளில் நீ பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பாய், ஞாபகம் இருக்கிறதா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தில் இருக்கிற ஓட்டையை எண்ணுவாய், ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குச் சொல்லுவாய், அவர் விரலை ஓட்டிவிட்டு "ரெண்டு விட்டுட்டீங்க அம்மிணி" என்பார். அவரிடம் வேலை பழகினவர் ஒருத்தர் ஈரோட்டில் இருக்கிறார், விசாரித்து அவரிடம் கொண்டுபோனேன்.

நான் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன், போகவே மனசு வரவில்லை. பழைய பின்னலை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டை ஒவ்வொன்றிலும் அடைந்திருந்த தூசியை ஊசியால் குத்தி எடுத்தார். பிரம்புத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வளைகிற பதம் வந்ததும் எடுத்து, முதலில் நெடுக்கில், அப்புறம் குறுக்கில், அதன் மேல் மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு, இந்த நாலும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டின பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் சாய்வாக. அப்போதுதான் அந்த எட்டுப் பட்டை ஓட்டை விழுகிறது, நாம் சின்ன வயசில் சுண்டுவிரலை விட்டு மாட்டிக்கொள்வோமே, அது. ஈரமாக இருக்கும்போது லேசாகத் தொய்வாகத்தான் இருந்தது, நான் கேட்டேன், காயட்டும் என்றார். மறுநாள் போனபோது தட்டிக் காட்டினார், பறை மாதிரி விண்ணென்று இருந்தது. இனிமேல் எப்போதாவது தொய்ந்தால் அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் ஒற்றி நிழலில் காயவைத்தால் தானாக இறுகிக்கொள்ளும், வெயிலில் மட்டும் போடாதீர்கள், இழை வெடித்துவிடும் என்றார். கூலி 2,800. உன் குஷன் சேர் பதினாறாயிரம் சொல்லியிருந்தது, அதை விடு, காசுக்காகச் செய்யவில்லை.

இப்போது தடப்பள்ளி வாய்க்கால் பக்கத்து ஜன்னலில் நாற்காலி. மத்தியானம் அம்மா அதில்தான். சித்திரை வெயிலில்கூட அந்தப் பின்னலுக்குள் காற்று ஓடும், சோபாவில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முதுகு நனைந்துவிடுகிறது.

சரி, இது ஒரு பக்கம். நீ நேற்று எழுதினதில் ஒரு வரி இருந்தது, "அதைப் பார்த்தாலே மஞ்சள் விழுந்த அந்த ரெண்டு வருஷம்தான் கண்ணுக்கு வருது" என்று. அழகாக இல்லை என்பதைவிட அதுதான் உன் காரணம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா அந்த நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்தாய். 2010-11இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 17,000 வரைக்கும் போனது, நம்மிடம் 40 மூட்டை இருந்தது, விற்கவில்லை. 2012இல் 4,000 பக்கம் வந்தபோது விற்றோம். அப்பா பேராசைப்பட்டு வைத்திருந்தார் என்று நீயும் நினைத்திருக்கிறாய், மாமாவும் வீட்டுக்கு வந்து முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அம்மிணி, அவர் விற்கத்தான் சொன்னார். இருபதாயிரம் போகும், வையுங்கள் அப்பா என்று சொன்னது நான். இரண்டு தடவை வண்டி பேசினார், இரண்டு தடவையும் நான்தான் நிறுத்தினேன். மாமா அப்படிப் பேசினபோது நான் தாவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே "ஆமாங்க, என் தப்புதான்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடமும் கடைசிவரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்று இன்றைக்குத் தோன்றியது.

அந்த இரண்டு வருஷமும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காலையில் ஒரு மூட்டையைப் பிரித்து நாலு விரலி எடுத்துக்கொண்டு வந்து, வலது கைப்பிடி முனையில் வைத்து ஒடித்துப் பார்ப்பார், காய்ந்த விரலி டிங்கென்று சத்தம் கொடுத்து உடையும், சத்தம் மந்தமாக இருந்தால் அந்த மூட்டையை வெயிலில் கொட்டச் சொல்லுவார், உள்ளே பூச்சி துளைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அந்த முனையில் கட்டைவிரல் படுகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, அடியில் இன்னும் மஞ்சள். ஆசாரி இழைத்துப் பாலிஷ் போட வந்தபோது மற்ற இடமெல்லாம் போடச் சொன்னேன், அந்த முனையைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா எழுந்திருக்கும்போது அவள் கட்டைவிரல் சரியாக அங்கேதான் போய் ஊன்றுகிறது.

உனக்கு அதைப் பார்த்தால் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. ஆனால் இப்போது அதில் அம்மா உட்கார்ந்து பேரன் பேத்தியிடம் சத்தமாகப் போன் பேசுகிறாள், உன் பிள்ளைகள்தான் அந்தப் பக்கம்.

செடி வாங்கிவிட்டேன், டிவி பக்கத்தில் வைத்திருக்கிறேன், படம் அனுப்புகிறேன், இடம் சரியா சொல். நாற்காலிக்கு மெத்தை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள், முதுகுக்கு மட்டும் சின்னதாக ஒன்று கேட்கிறாள், திரைக்குப் பொருந்துகிற துணி நீயே பார்த்துத் தைத்துக் கொண்டுவா, அகலம் 17 அங்குலம். பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே வரப் பார், அம்மா இப்போதே ஒப்பிட்டுக்கு வெல்லம் சொல்லி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்