என்னைப் பற்றி

பல் மருத்துவர் ஒருவரின் முகவரி அட்டையில் ஒரு புள்ளி மங்கிப்போனால் அவர் ‘பல மருத்துவர்’ ஆகிவிடுவார். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது என் தொழில்.

நான் தனியாக இயங்கும் வடிவமைப்பாளர். இந்தத் துறையில் 11 ஆண்டுகள். அதில் முதல் 4 ஆண்டுகள் ஓர் அச்சகத்தில், கோப்புகளை அச்சுக்குத் தயார்செய்யும் பிரிவில். அடுத்தவர்கள் அழகாக வரைந்து அனுப்பியவை காகிதத்தில் எப்படியெல்லாம் சொதப்பும் என்பதை அங்கேதான் பார்த்தேன். இப்போது லோகோ, பொருட்களின் உறைகள், கையேடுகள், இணையதளங்கள் செய்கிறேன். பாதிக்கும் மேற்பட்டவை தமிழும் ஆங்கிலமும் அருகருகே நிற்க வேண்டிய வேலைகள்.

அந்த அருகருகே நிற்பதுதான் வம்பு. ஆங்கிலச் சொல்லை அளந்து வரைந்த பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ நுழையாது. பாதியில் உடைந்து இரண்டாம் வரிக்கு இறங்கும். வரி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் ‘பு’வின் வால் கீழ்வரியில் உள்ள ‘கீ’யின் சுழியில் போய் இடிக்கும். எழுத்தைச் சிறிதாக்கி இடத்தை மிச்சம் பிடித்தால், முதலில் காணாமல் போவது புள்ளி. அதனால் நான் தமிழை முதலில் அமைத்துவிட்டுத்தான் ஆங்கிலத்தை அழைக்கிறேன். நீளமான விருந்தாளிக்குக் கட்டில் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு இடம் தானாக அமையும்.

என் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்தத் தளத்தில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும்: கண் அறுவை முடிந்து வீடு திரும்புவோருக்கான நான்கு பக்கத் துண்டேடு. எந்தச் சொட்டு மருந்து, எந்த வேளை, எத்தனை நாள் என்பதை, ஒரு கண்ணைக் கட்டியிருப்பவர் படிக்க வேண்டும். வரைவை எடுத்துக்கொண்டு காத்திருப்போர் அறையில் இரண்டு காலைப் பொழுதுகள் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் படித்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, ராத்திரி சொட்டு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அது நடுவிலேயே இருந்தது, நீல எழுத்தில், நீலக் கட்டத்துக்குள். அன்று மாலையே அந்தக் கட்டத்தை எடுத்தேன்.

தவறுகளும் உண்டு. தனியாகத் தொடங்கிய முதல் ஆண்டில் 3,000 பிரதிகள் கொண்ட ஒரு கையேட்டில், சிறிய கறுப்பு எழுத்துகளை வண்ண அச்சின் நான்கு மைகளும் கலந்த கறுப்பாக விட்டுவிட்டேன். அச்சுத் தகடுகள் மயிரிழை நகர்ந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல். அச்சகத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தவன் செய்யக்கூடாத தவறு. மறு அச்சுச் செலவை நானே ஏற்றேன். அதன் பிறகு சிறிய எழுத்தென்றால் கறுப்பு மை மட்டும்தான். அச்சுக்கு அனுப்பும் முன் மைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் கையைவிட்டு அனுப்புவதில்லை.

வேலை செய்யும் முறை எளிது. முதல் வாரம் எதையும் வரைய மாட்டேன், கேள்விகள் கேட்பேன். பிறகு இரண்டு யோசனைகள் காட்டுவேன். பத்து காட்டினால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று அர்த்தம். இரண்டு சுற்றுத் திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும். பாதித் தொகை முன்பணம். முடிந்ததும் திருத்தக்கூடிய மூலக் கோப்புகள் உட்பட எல்லாம் உங்களுடையது. நாளை வேறொருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குப் பிடிவாதம் ஒன்று உண்டு: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து கூடாது. பார்க்க நாகரிகமாகத்தான் இருக்கும். ஆனால் இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே கேட்கும் 4.5:1 ஒளி மாறுபாட்டுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. இதில் மட்டும் உங்களோடு வாதாடுவேன். மஞ்சளா பச்சையா என்பதில் நீங்களே வெல்லலாம்.

இன்னொருவரின் லோகோவை ‘கொஞ்சம் மாற்றி’த் தரும் வேலையையும், பிடித்தால் மட்டும் பணம் என்ற மாதிரி வேலையையும் எடுப்பதில்லை. இங்கே குழு எதுவும் இல்லை. கேட்பதும் வரைவதும் அச்சகத்தோடு மல்லுக்கட்டுவதும் நான் ஒருவன்தான். எனவே ஒரே நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் ஏற்க முடியாது. சில சமயம் காத்திருக்கச் சொல்வேன்.

எழுத நினைத்தால் கீழே உள்ள படிவம் போதும். என்ன வேண்டும் என்பதைவிட, அதை யார், எங்கே, எந்த வெளிச்சத்தில் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லுங்கள். இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வரும். அந்தப் படிவத்தின் பொத்தானில் ‘அனுப்பு’ என்றுதான் இருக்கும். ‘சமர்ப்பிக்கவும்’ அங்கேயும் நுழையவில்லை.