ஏட்டி, ஒருவாட்டி நீயும் கூப்பிடு

ஏட்டி, வேலையெல்லாம் முடிச்சிட்டு சாவகாசமா படி, அவசரம் ஒண்ணும் இல்ல, இங்க எல்லாரும் நல்லாருக்கோம். வாய்ஸ் நோட்டுல சொல்லலாம்னு ரெண்டு தடவ ரெக்கார்டு பண்ணேன், தொண்ட அடைச்சிட்டு, அழிச்சிட்டேன், அதான் டைப் பண்ணுதேன். சடவு வச்சு எழுதுதேன்னு மட்டும் நெனச்சிராத.

போன வாரம் கல்லிடைக்குறிச்சி போய் ஒங்கம்மைய பாத்துட்டு வந்தேன், முட்டு வலி இப்ப பரவால்லன்னாவ, அப்பளக்கட்டு ரெண்டு குடுத்துவிட்டாவ. திரும்பி வர ஸ்டேஷன்ல நிக்கேன், நம்ம காலேஜ் போன நாளு அப்பிடியே கண்ணுக்குள்ள வருது. நீ அங்க ஏறுவ, நான் சேரன்மாதேவில ஏறுவேன், செங்கோட்ட பாசஞ்சர் நிக்கதுக்கு முன்னயே ஜன்னல் வழியா கைய நீட்டி ஏட்டி இங்கன இங்கனன்னு கத்துவ, ஒன் சாப்பாட்டுப் பைய வச்சு எனக்கு எடம் போட்டு வச்சிருப்ப. ஒரு நாளு ஒரு பெரியம்ம அந்தப் பைய தள்ளிட்டு உக்காரப் போனதுக்கு நீ சண்ட போட்டது ஞாபகம் இருக்கா? மூணு வருசம், ஒரு நாளுகூட நான் நின்னுக்கிட்டு ஜங்ஷன் வரல.

அன்னைக்கு ராத்திரி நம்ம வாட்ஸ்அப் சாட்ட மேல தள்ளி தள்ளி பாத்தேன். கணக்கு பாக்கணும்னு இல்ல, பழைய போட்டோ தேடப் போனது. நீ நியூஜெர்சி போனதுல இருந்து மொத மெசேஜ் எல்லாமே என்னது, கால் எல்லாமே என்னது. நான் கூப்ட்டா ஒரு மணிநேரம் ஆசையா பேசுத, அதுல கொற சொல்லவே மாட்டேன், வைக்க மனசே வராது ரெண்டு பேருக்கும். ஆனா வச்ச பொறவு அடுத்தாப்ல நான் கூப்புடுத வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. நாந்தான் இவள தொந்தரவு பண்ணுதோமோன்னு ஒரு நெனப்பு உள்ள வந்து உக்காந்துக்கிடுது, அது வரக்கூடாதுட்டி நமக்குள்ள.

2023 டிசம்பர் வெள்ளத்த இதுவரைக்கும் ஒன்கிட்ட நான் எடுக்கல. சிந்துபூந்துறைல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்து, புள்ளைய தூக்கிக்கிட்டு நாங்க மாடில கெடந்தோம், கரண்ட் இல்ல, டவர் இல்ல, அப்ப நீ கூப்ட்டிருந்தாலும் கெடச்சிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனா டவர் வந்த ஒடன மெசேஜ் ஒண்ணு பின்ன ஒண்ணா வந்து விழுதுல்லா, சென்னைல இருக்க சித்தி, பழைய ஆபீஸ் ஆளுக, எல்லாரும் எப்பிடி இருக்கன்னு கேட்டிருக்காவ, நான் ஒன் பேரத்தான் தேடினேன். பொறவு நானே கூப்ட்டப்ப நீ அழுத, டிவி பாத்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கலன்ன. அது பொய்யின்னு ஒரு நிமிசம்கூட நான் நெனைக்கல. அந்தத் தூக்கம் வராத நேரத்துல ஒரு வரி அனுப்பிருக்கலாமேன்னுதான்.

எம்மேலயும் தப்பு இருக்கு. இதெல்லாம் நேரா சொல்லாம, இந்த வருசம் பொங்கலுக்குப் பொறவு இவளா கூப்புடுதாளா பாப்போம்னு நாப்பது நாளு பேசாம இருந்தேன். அது ஒன்ன பரீட்ச வச்ச மாதிரி, ஒனக்கே தெரியாத பரீட்ச. கடைசில பொறுக்காம நானே கூப்ட்டேன். மன்னிச்சிரு.

ஒனக்கு அங்க ஒத்தையில ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு ஷிப்டு வேலைன்னா என்ன பாடுன்னு எனக்குத் தெரியாம இல்ல. அதனால பெருசா ஒண்ணும் கேக்கல. மாசத்துல ஒருவாட்டி நீயா கூப்புடு, இல்லன்னா கார்ல போவும்போது ரெண்டு நிமிசம் வாய்ஸ் நோட்டு போடு, இன்னைக்கு என்ன கொழம்பு வச்சன்னு சொன்னாகூட போதும். மத்த நாளு நான் எப்பவும் போல கூப்புடுவேன், அத நிப்பாட்ட மாட்டேன். மனசு சரியில்லாமதான் யாரையும் கூப்புடாம இருக்கன்னா அதையும் சொல்லிரு, நான் வேற மாதிரி பாத்துக்கிடுதேன். இல்ல எம்மேல எதும் வருத்தம் இருந்தாலும் கேட்டுக்கிடுதேன்.

இதுக்கு ஒடன பதில் எழுதணும்னு இல்ல. ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு அவிய புள்ளைய கூட்டிக்கிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிருவாவ, நான் தனியாத்தான் இருப்பேன். ஒனக்கு சனிக்கெழம ராத்திரி ஒம்பதர. முடிஞ்சா அப்ப கூப்புடு, முடியலன்னா அடுத்த வாரம். அப்பளத்த ஒரு கட்டு பிரிச்சிட்டோம், இன்னொண்ண ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், நம்ம ஊர்க்காரவிய யாராது அங்க வாராவன்னா சொல்லு, குடுத்துவிடுதேன்.