இந்தியா – இயற்கை அமைப்பு: வரைபடப் பக்கக் குறிப்புகள்

தம்பி, உன் நண்பன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும், ஏ4 தாளில் அச்செடுத்து ஸ்கேலால் அளந்தும் எழுதியவை இவை. நாளை வரைபடப் பயிற்சிக்குப் போகுமுன் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

படத்தின் நிலை

புத்தகத்தை முழுதாக விரிக்காமல் எடுத்திருக்கிறான். இடப்பக்கம் தையலை நோக்கி வளைந்திருப்பதால் குஜராத்தின் மேற்கு ஓரம் நெருங்கித் தெரிகிறது. வலது கீழ் மூலையில் கை நிழல் விழுந்திருக்கிறது, நிக்கோபார் பெயர்கள் மங்கல். மற்றதெல்லாம் வாசிக்க முடிகிறது.

நிலப்பகுதிகள்

வரைபடம் ஆறு பிரிவுகளைக் காட்டுகிறது.

1. வடக்கு மலைகள். இமயமலை மேற்கிலிருந்து கிழக்காக வில்போல வளைகிறது. காஷ்மீரில் அகலம் ஏறக்குறைய 400 கி.மீ., அருணாசலப் பிரதேசத்தில் 150 கி.மீ. பழுப்புப் பட்டை கிழக்கே போகப் போக மெலிவது அதனால்தான். வடக்கிலிருந்து தெற்காக இமாத்ரி, இமாச்சல், சிவாலிக் என்ற மூன்று தொடர்களின் பெயரும் பட்டைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

2. வடபெரும் சமவெளி. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளும் துணையாறுகளும் கொண்டுவந்த வண்டல். படத்தில் ஒரே சீரான பச்சை.

3. தீபகற்ப பீடபூமி. வடமேற்கில் ஆரவல்லி. நடுவில் விந்தியமும் சாத்பூராவும். இரண்டுக்கும் இடையில் நர்மதை மேற்கு நோக்கிப் போகும் நீலக்கோடு. தெற்கே தக்காணம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய விடாமல் ஓடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாகக் கிடக்கிறது, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா போன்ற ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு வங்கக் கடலுக்குப் போவதால்.

இங்கே ஒரு இடத்தில் நானே முதலில் தவறாக எழுதி அடித்தேன். வடகிழக்கில் பச்சைக்கு நடுவே தனியாக ஒரு பழுப்புத் திட்டு இருக்கிறதே, அது மேகாலயா பீடபூமி. பக்கத்தில் இமயமலை இருப்பதால் அதோடு சேர்த்துவிடத் தோன்றும். அது தீபகற்பத்தின் பகுதி. இடையில் தாழ்ந்த நிலத்தை ஆற்று வண்டல் மூடியதால் பிரிந்து நிற்கிறது. மூன்றாம் பிரிவில்தான் எழுத வேண்டும்.

4. இந்தியப் பாலைவனம் (தார்). ஆரவல்லிக்கு மேற்கே. லூனி ஆறு அதன் தென்கிழக்கு ஓரமாக ஓடி கட்ச் ரண்ணில் முடிகிறது.

5. கடற்கரைச் சமவெளிகள். மேற்குக் கடற்கரை குறுகியது, கிழக்கு அகலமானது. டெல்டாக்கள் கிழக்கில்.

6. தீவுகள். வங்கக் கடலில் அந்தமான் நிக்கோபார், அரபிக் கடலில் பவளத் தீவுகளான லட்சத்தீவு. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிப்பது பத்து டிகிரிக் கால்வாய்.

குறியீடுகள்

குறிப்புப் பெட்டி இடது கீழ் மூலையில் இருக்கிறது. மேல் பாதி வண்ணக் கட்டங்கள், கீழ்ப் பாதி கோடுகளும் சின்னங்களும்.

அடர் பச்சை: 0–200 மீ.
இளம் பச்சை: 200–500 மீ.
மஞ்சள்: 500–1000 மீ.
இளம் பழுப்பு: 1000–3000 மீ.
அடர் பழுப்பு: 3000 மீட்டருக்கு மேல்.

இதை நிதானமாகப் படி. இந்தப் பக்கத்தில் பச்சை என்றால் காடு கிடையாது. நிலக்குறியீட்டுத் தாளில் பச்சை தாவரத்தைக் குறிக்கும், போன மாதம் நீ படித்தது அது. இந்த வரைபடத்தில் எல்லா வண்ணமும் கடல் மட்டத்திலிருந்து உயரம் மட்டுமே. அதனால்தான் பாலைவனத்தின் பெரும்பகுதி இங்கே பச்சையாக இருக்கிறது. அது பாலைவனம் என்று சொல்வது வண்ணமல்ல, மேலே தூவியிருக்கும் சிறு புள்ளிகள். மேகாலயாவும் அப்படியே: அங்கே காடு நிறைய, ஆனால் படத்தில் பழுப்பு.

விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதால் எல்லாமே சற்று மஞ்சள் ஏறியிருக்கிறது. புத்தகத்து வண்ணத்தை நினைவில் வைத்து ஒப்பிடாதே. இதே படத்திலுள்ள குறிப்புப் பெட்டியோடு ஒப்பிடு, பெட்டியிலும் அதே மஞ்சள் ஏறியிருக்கும்.

நீலக்கோடு வற்றாத ஆறு. விட்டுவிட்டு வரும் நீலக்கோடு பருவ ஆறு, லூனி அப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது. கருப்பு முக்கோணம் சிகரம்: காஞ்சன்ஜங்கா, ஆனைமுடி (2695 மீ.). எதிரெதிராக வளைந்த இரு கோடுகள் கணவாய்: சோஜி லா, நாது லா, பாலக்காடு. கருப்பு வட்டம் நகரம். குறுக்கே ஓடும் மெல்லிய கோடு கடகரேகை, 23°30′ வ.

அளவை

பெட்டிக்குக் கீழே அச்சிட்டிருப்பது: "1 செ.மீ = 200 கி.மீ". இது சொல்லளவை. 200 கி.மீ. என்பது 2,00,00,000 செ.மீ., ஆகவே பிரதி பின்னம் 1 : 2,00,00,000. தேர்வில் மாற்றச் சொன்னால் இப்படியே எழுது. பின்னத்துக்கு அலகு போடக் கூடாது.

ஆனால் அந்த வாக்கியம் புத்தகத் தாளுக்கு மட்டும்தான் உண்மை. போனில் விரலால் பெரிதாக்கினால் நாடு பெரிதாகும், வாக்கியத்திலுள்ள 200 மாறாது. அச்செடுத்த தாளிலும் அதே கதை. சரிபார்த்தேன். இந்தியாவின் நிலப்பகுதி வடக்கு–தெற்காக 3214 கி.மீ. புத்தகத்தில் அது ஏறக்குறைய 16 செ.மீ. வர வேண்டும் (3214 ÷ 200). என் அச்சில் 12 செ.மீ. தான் வருகிறது. அப்படியானால் இந்தத் தாளில் 1 செ.மீ. என்பது 3214 ÷ 12, அதாவது சுமார் 268 கி.மீ. அளக்கும்போது கன்னியாகுமரியோடு நிறுத்து. நிக்கோபார் அதற்கும் தெற்கே போகிறது.

டெல்லி–சென்னை நேர்கோட்டுத் தூரம் என் தாளில் 6.6 செ.மீ. 200-ஆல் பெருக்கினால் 1320 கி.மீ., இது தவறு. 268-ஆல் பெருக்கினால் சுமார் 1769 கி.மீ. உண்மையான தூரம் 1760 கி.மீட்டரை ஒட்டியது.

சொல்லளவைக்குக் கீழே 0, 200, 400, 600 என்று ஒரு கோட்டளவையும் இருக்கிறது. படத்தோடு சேர்ந்தே அதுவும் சுருங்கும், விரியும். படத்திலிருந்து அளக்கும்போது அதையே நம்பு. என் அச்சில் 600 கி.மீ. கோடு 2.2 செ.மீ., கணக்கில் 1 செ.மீ.க்கு 273 கி.மீ. வருகிறது. 268-க்கும் 273-க்கும் உள்ள வித்தியாசம் குட்டிக் கோட்டை அளப்பதில் வரும் பிழை. 22 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. தவறினால் நூற்றுக்கு நாலரை போய்விடும், 120 மி.மீ. நீளத்தில் ஒன்றுகூட ஆகாது. நீண்ட கோடு கிடைத்தால் அதை அளந்து எடுப்பதே மேல்.

கிழக்கு–மேற்கு அளவை மட்டும் இந்தப் படத்திலிருந்து எடுக்காதே. 2933 கி.மீ.க்கு 10.9 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 10.4 தான் இருக்கிறது. தையல் பக்கத்து வளைவு அரை சென்டிமீட்டரை விழுங்கிவிட்டது, அதாவது 130 கி.மீட்டருக்கு மேல். குஜராத் கடற்கரையின் வடிவத்தையும் இதைப் பார்த்து வரையாதே.

நாளை புத்தகத்தில் பார்க்க வேண்டியவை

நிழலுக்குள் இருக்கும் நிக்கோபார் பெயர்கள். காஞ்சன்ஜங்காவின் உயரம்: 8586 என்று வாசிக்கிறேன், கடைசி இலக்கம் மங்கல். கட்ச் ரண் மேல் ஒரு நீலச் சின்னம் இருக்கிறது, சதுப்பு நிலம் என்று நினைக்கிறேன். பெட்டியில் அந்த வரி வளைவுக்குள் போய்விட்டது. மூன்றையும் பார்த்து இந்தத் தாளிலேயே பென்சிலால் திருத்து.