சுற்றறிக்கை: புதிய பருவம் தொடங்கும் முன் டேப்லெட்டுகளைப் புதுப்பித்தல்

பெறுநர்: 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பயிலும் மாணவர்களின் பெற்றோர் மற்றும் பாதுகாவலர்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஜூன் 8, திங்கட்கிழமை புதிய பருவம் தொடங்குகிறது. அன்று முதல் பாடவேளையிலிருந்தே மாணவர்கள் டேப்லெட்டைப் பயன்படுத்துவார்கள். எனவே ஜூன் 5, வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் பிள்ளையின் டேப்லெட்டில் இயங்குதளத்தையும் பாடச் செயலிகளையும் புதுப்பித்து முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பள்ளி வழங்கிய சாம்சங் டேப்லெட்டுகளுக்கும், சில மாணவர்கள் பள்ளியின் அனுமதியுடன் கொண்டுவரும் சொந்த ஐபேடுகளுக்கும் இது பொருந்தும்.

பள்ளிக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடம் 420 டேப்லெட்டுகள் உள்ளன. பள்ளியின் இணைய இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் கொண்டது. ஒவ்வொரு டேப்லெட்டும் ஒரு ஜிபி அளவுள்ள கோப்பை ஒரே நாளில் பதிவிறக்கினால், வேறு எந்தப் பயன்பாடும் இல்லாத நிலையிலும் அதற்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் ஆகும். அதாவது ஒரு முழுப் பள்ளி நாளும் அதற்குப் போதாது. மேலும், தேர்வுச் செயலியின் பழைய பதிப்பு ஜூன் 8 முதல் திறக்காது. முதல் வாரத்திலேயே கணிதத்திலும் அறிவியலிலும் திறனறித் தேர்வுகள் இருப்பதால், புதுப்பிக்காத டேப்லெட்டுடன் வரும் மாணவர் மற்றவர்கள் எழுதும்போது காத்திருக்க நேரிடும். எந்தப் பிள்ளைக்கும் பருவத்தின் முதல் நாள் அப்படி அமைவதை நாங்கள் விரும்பவில்லை.

விடுமுறை முழுவதும் அலமாரியில் இருந்த டேப்லெட்டின் மின்கலம் முற்றிலும் தீர்ந்திருக்கலாம். அது உடனே இயங்கவில்லை என்றால் பழுதாகிவிட்டதாகக் கருத வேண்டாம். அதனுடன் வந்த சார்ஜரில் அரை மணி நேரமாவது இணைத்து வைத்த பிறகு மீண்டும் முயன்று பாருங்கள். ஆனால் பின்புறம் உப்பியிருந்தாலோ, திரை சட்டகத்திலிருந்து விலகித் தூக்கி நின்றாலோ மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அத்தகைய டேப்லெட்டைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தியும் பார்க்காதீர்கள். எங்களுக்குத் தெரிவித்துவிட்டு அப்படியே கொண்டுவந்து ஒப்படையுங்கள்.

டேப்லெட் இயங்கியதும் அதன் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். மின்கலம் நெடுநாள் வெறுமையாக இருந்த கருவியில் கடிகாரம் பின்தங்கிவிடுவதுண்டு. பாதுகாப்பான இணைய இணைப்புகள் சான்றிதழின் செல்லுபடிக் காலத்தைக் கருவியின் கடிகாரத்தைக் கொண்டே சரிபார்க்கின்றன. ஆகவே தேதி தவறாக இருந்தால், வைஃபை நன்றாக வேலை செய்தும் செயலிகள் இணைய மறுக்கும், காரணமும் எளிதில் புலப்படாது. தேதி, நேர அமைப்பில் தானியங்கித் தேர்வை இயக்கிவிட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து, பிள்ளையின் பணிகளைப் பாதுகாத்தல். இதற்குச் சற்று நேரம் ஒதுக்கும்படி சிறப்பாக வேண்டுகிறோம். சென்ற பருவத்தின் குறிப்புகள், வரைபடங்கள், செய்முறைப் படங்கள் ஆகியவை டேப்லெட்டில் மட்டுமே இருக்கலாம். இணையம் இல்லாத வேளையில் எழுதிய குறிப்புகள் பள்ளிக் கணக்கிற்குச் சென்று சேராமலும் இருக்கலாம். எனவே முதலில் வைஃபையில் இணைத்து, குறிப்பேட்டுச் செயலியைத் திறந்து, ஒத்திசைவு முடியும் வரை அதைத் திறந்தே வைத்திருங்கள். படங்களையும் காணொளிகளையும் பள்ளிக் கணக்கின் சேமிப்பகத்தில் ஏற்றிய பிறகு, வேறொரு கருவியில் அதே கணக்கைத் திறந்து அவை தெரிகின்றனவா என்று பிள்ளையையே சரிபார்க்கச் சொல்லுங்கள். இயங்குதளப் புதுப்பிப்பு வழக்கமாகக் கோப்புகளை அழிப்பதில்லை. எனினும் ஒரு பருவத்தின் உழைப்பை அந்த நம்பிக்கையில் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பின் எண் நினைவில் இருப்பதையும் முன்னதாகவே உறுதிசெய்யுங்கள். டேப்லெட் அணைந்து மீண்டும் இயங்கும்போது முதல் முறை விரல்ரேகையையோ முகத்தையோ ஏற்காது, பின் எண்ணைத்தான் கேட்கும். விடுமுறையில் அதை மறந்துவிட்ட மாணவர்கள் ஊகித்து எண்களை அழுத்திக்கொண்டே இருந்தால் கருவி நீண்ட நேரத்திற்குப் பூட்டிக்கொள்ளும். மறந்திருந்தால் முயலாமல் எங்களை அழையுங்கள். பள்ளி வழங்கிய டேப்லெட்டுகளில் பின் எண்ணை எங்களால் மாற்றித்தர முடியும்.

இனி, புதுப்பிக்கும் முறை. சார்ஜரை இணைத்து, குறைந்தது பாதி அளவு சார்ஜ் ஏறிய பிறகு தொடங்குங்கள். சாம்சங் டேப்லெட்டில் Settings → Software update → Download and install என்ற வரிசையில் செல்லுங்கள். ஐபேடில் Settings → General → Software Update என்பதைத் திறக்க வேண்டும். பதிவிறக்கத்திற்கு இடம் போதவில்லை என்ற செய்தி வந்தால், முதலில் விடுமுறையில் நிறுவிய விளையாட்டுகளையும் பழைய காணொளிகளையும் நீக்குங்கள். பாடச் செயலிகளை நீக்க வேண்டாம், ஏனெனில் ஒரு செயலியை நீக்கும்போது அதனுள் சேமித்தவையும் அதனுடன் போய்விடும். நிறுவும்போது திரை கறுத்தும், நிறுவனத்தின் சின்னம் மட்டும் தெரிந்தும், முன்னேற்றக் கோடு ஒரே இடத்தில் நின்றதுபோலத் தோன்றியும் பல நிமிடங்கள் கழியலாம். அப்போது பொறுமையிழந்து ஆற்றல் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாதீர்கள். புதுப்பிப்பு பாதியில் தடைபட்டால் டேப்லெட் மீண்டும் இயங்காமல் போகும் வாய்ப்பு உண்டு. இரவு உணவுக்குப் பின் தொடங்கி, உறங்கச் செல்லுமுன் பார்ப்பது வசதியாக இருக்கும்.

ஒரு புதுப்பிப்பு முடிந்ததும் பணி முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பல மாதங்கள் தவறவிட்ட கருவியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில புதுப்பிப்புகள் வரக்கூடும். ஆகவே அதே பக்கத்தை மீண்டும் திறந்து, கருவி நடப்புப் பதிப்பில் உள்ளது என்ற செய்தி தோன்றும்வரை தொடருங்கள். அதன் பிறகே செயலிகளுக்குச் செல்லுங்கள். இந்த வரிசை முக்கியம். சில செயலிகளின் புதிய பதிப்பு பழைய இயங்குதளத்தில் நிறுவப்படவே மாட்டாது. சாம்சங் டேப்லெட்டில் Play Store-இன் மேல் மூலையில் உள்ள கணக்குப் படத்தைத் தொட்டு Manage apps & device என்ற பகுதியில் Update all என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபேடில் App Store-இன் கணக்குப் படத்தைத் தொட்டால் புதுப்பிக்க வேண்டிய செயலிகளின் பட்டியல் கிடைக்கும்.

இவையெல்லாம் முடிந்த பின்னரும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில மாதங்கள் திறக்கப்படாத செயலிகளுக்கு முன்பு அளித்த கேமரா, ஒலிவாங்கி அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே திரும்பப் பெற்றுக்கொள்ளும். 2020-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11-இல் தனியுரிமைப் பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் தேர்வு நேரத்தில் மட்டும் திறக்கும் செயலியையும் அது விட்டுவைக்காது. ஐபேடிலும், நெடுநாள் பயன்படுத்தாத செயலிகளை இடத்தைச் சேமிப்பதற்காக அகற்றிவைக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், சின்னம் மட்டும் எஞ்சி, அருகில் சிறு மேகக் குறி தோன்றும். அதைத் தொட்டால் செயலி மீண்டும் பதிவிறங்கும். எனவே உங்கள் பிள்ளை ஒவ்வொரு பாடச் செயலியையும் ஒருமுறை திறந்து, பள்ளிக் கணக்கில் நுழைந்து, தேர்வுச் செயலியில் மாதிரி வினா ஒன்றுக்கு விடையளித்து, மொழிப் பாடச் செயலியில் தன் குரலைப் பதிந்து கேட்டுப் பார்க்கட்டும். தமிழ் விசைப்பலகை தோன்றுகிறதா என்றும் பாருங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கியோ, திரையிலுள்ளதை வாசித்துக்காட்டும் வசதியுடனோ பயிலும் மாணவர்களின் அமைப்புகள் புதுப்பித்த பின் மாறியிருந்தால், மறுநாளே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு முதலில் உதவுவோம்.

தயவுசெய்து எந்த நிலையிலும் டேப்லெட்டை முழுமையாக அழித்துத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றாதீர்கள். பழைய கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் அதை மீண்டும் தொடங்க முடியாமற்போகலாம், சேமிக்காத பணிகளும் திரும்பக் கிடைக்காது. வெளிக் கடைகளில் கொடுத்துப் பள்ளியின் மேலாண்மை அமைப்பை நீக்குவதும் கூடாது; அது நீங்கினால் பாடநூல்களும் தேர்வுச் செயலியும் அந்தக் கருவியில் கிடைக்கமாட்டா.

புதுப்பிப்பு என்ற பெயரில் வரும் மோசடிகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். உலவியில் திடீரென்று தோன்றி வைரஸ் இருப்பதாக அச்சுறுத்தும் அறிவிப்புகளும், வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளும் இணைப்புகளும் புதுப்பிப்புகள் அல்ல. உண்மையான புதுப்பிப்பு டேப்லெட்டின் அமைப்புகளிலும் அதிகாரப்பூர்வச் செயலி அங்காடியிலும் மட்டுமே கிடைக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை. பள்ளி உங்களிடம் கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ தொலைபேசியில் கேட்காது. பள்ளியின் பெயரைச் சொல்லி யாரேனும் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள்.

வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் கைபேசியின் தரவைச் செலவிட வேண்டியதில்லை. ஜூன் 3, புதன்கிழமையும் ஜூன் 4, வியாழக்கிழமையும் காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை பள்ளியின் கணினி ஆய்வகம் திறந்திருக்கும். கணினி ஆசிரியர்கள் இருவர் உடனிருந்து உதவுவார்கள். டேப்லெட்டையும் சார்ஜரையும் கொண்டுவாருங்கள். காலையில் வந்தால் அன்றே முடித்துத் திரும்ப முடியும். பணி நாள்களில் வர இயலாத பெற்றோர் முந்தைய நாள் வகுப்பாசிரியருக்குத் தகவல் அனுப்பிவிட்டு, பிள்ளையை வேறொரு பெரியவருடன் அனுப்பலாம்.

உங்கள் சொந்த ஐபேட் பழைய வகையாக இருந்து, அதற்குப் புதிய இயங்குதளம் கிடைக்கவில்லை என்றால், அதற்காக உடனே புதிய கருவி வாங்கிவிடாதீர்கள். எங்களிடம் சொல்லுங்கள், தேவைப்படுவோருக்குப் பள்ளியின் டேப்லெட்டை அந்தப் பருவம் முழுவதற்கும் இலவசமாக வழங்குவோம். அதே போல, திரை உடைந்ததையோ கருவி தொலைந்ததையோ இப்போதே தெரிவித்தால் ஜூன் 8-க்குள் மாற்று ஏற்பாடு செய்ய இயலும். இதற்காக எந்த மாணவரும் கண்டிக்கப்படமாட்டார்.

புதுப்பித்து முடித்ததும் மாணவர் நாட்குறிப்பின் ஜூன் 5-ஆம் தேதிப் பக்கத்தில் இயங்குதளப் பதிப்பின் எண்ணைப் பிள்ளை தன் கையால் எழுத, அதன் கீழ் நீங்கள் கையொப்பமிட்டு அனுப்புங்கள். ஐயங்களுக்கு நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அச்சிட்டுள்ள அலுவலக எண்ணைப் பணி நாள்களில் காலை 9 முதல் மாலை 4.30 வரை அழைக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்