பால் சொசைட்டி போர்டு எலக்‌ஷன்ல இருந்து என் வேட்புமனுவ வாபஸ் வாங்குறது சம்பந்தமா

நாள்: பங்குனி 14, புதன்கிழமை

பெறுநர்:
தேர்தல் அலுவலர் அவர்கள்,
பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத் தேர்தல்,
ஓமலூர் தாலுகா, சேலம் மாவட்டம்.

சார் வணக்கம்,

நான் சி. மல்லிகா, நம்ம ஊர் பால் சொசைட்டியில உறுப்பினர் நம்பர் 214. வர்ற திங்கக்கிழமை நடக்குற நிர்வாகக் குழு தேர்தலுக்கு பெண்கள் இடத்துல நிக்க முந்தாநாள் திங்கக்கிழமை உங்ககிட்ட மனு குடுத்தேன், நேத்து பரிசீலனையில அத சரின்னு ஏத்துக்கிட்டீங்க. அந்த மனுவ இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். இன்னைக்கு சாயங்காலம் 5 மணிதான் கடைசி நேரம்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தீங்க, அதனால யார் கையிலயும் குடுத்து விடாம நானே நேர்ல வந்து குடுக்குறேன்.

காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்லன்னு சொன்னாங்க, ஆனா நான் எழுதித்தான் ஆகணும் சார். மொத்தம் 11 இடத்துல பெண்களுக்கு 3 இடம், அதுக்கு நாங்க 4 பேர் நிக்கிறோம், நான் விலகினா மீதி 3 பேரும் ஓட்டுப்பதிவே இல்லாம ஜெயிச்சுருவாங்க, அப்புறம் ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கும் தெரியும், மல்லிகா எவ்வளவு வாங்கிட்டு ஒதுங்கினான்னு தான் பேசுவாங்க. நேத்து ராத்திரியே ஒருத்தர் வந்து வாபஸ் வாங்குனா பாத்து செய்வாங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஜாடையா சொன்னார், அவர வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டோம். யார்கிட்டயும் ஒத்த ரூபா வாங்கல, யாரும் மிரட்டவும் இல்ல.

விஷயம் என் பையன். ரெண்டு வருஷமா அதே சொசைட்டியில அவன்தான் பால் டெஸ்ட் பண்றான். காலையில அஞ்சரை மணிக்கு போனா ஒவ்வொருத்தர் பால்லயும் சாம்பிள் எடுத்து ஃபேட்டும் எஸ்என்எஃபும் பாத்து நோட்டுல ஏத்துறது அவன்தான், அந்த பாயிண்ட்ட வச்சுத்தான் எல்லாருக்கும் பட்டுவாடா. எங்க குழு பொம்பளைங்க எல்லாரும் நில்லுன்னு சொன்னப்ப இத நான் யோசிக்கவே இல்ல, மாட்டுத் தீவனம் நேரத்துக்கு வர மாட்டேங்குது, பட்டுவாடா நாலு நாள் அஞ்சு நாள் தள்ளிப்போகுது, இதெல்லாம் உள்ள போய் கேக்கணும்ங்குற வேகத்துல மனு போட்டுட்டேன்.

நேத்து பால் ஊத்தப் போனப்ப பக்கத்து தெரு பெரியம்மா ஒருத்தங்க, ஒரே ஒரு மாடு, வேளைக்கு 3 லிட்டர் ஊத்துறவங்க, சண்டைக்கு இல்ல மெதுவாத்தான் கேட்டாங்க, "உம் மவனே பாயிண்ட் பாக்குறான், நீயே போர்டுலயும் உக்காந்துட்டா பாயிண்ட் கொறைஞ்சுதுன்னு நாங்க யார்கிட்டம்மா வந்து கேக்கறது?" எனக்கு பதில் சொல்ல வரல. என் பையன் நேர்மையா பாக்குறவன், அத எங்க வேணா சொல்லுவேன், ஆனா அவங்க கேட்டது அவன் நேர்மைய பத்தி இல்ல சார், புகார் சொல்ல ஒரு இடம் வேணும்னு கேட்டாங்க. பாயிண்ட் கொஞ்சம் இறங்கினாலும் கைக்கு வர்ற காசு கொறைஞ்சிரும் அந்த வீட்ல. சட்டத்துல இதுக்கு தடை இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு முன்னாடி எனக்கே சரியா படல. வேலைய விட்டுடறேம்மா நீ நில்லுன்னு பையன் சொன்னான், அவனுக்கு இப்பதான் கொழந்தை பொறந்திருக்கு, அத நான் கேக்க மாட்டேன்.

என்னை முன்மொழிஞ்சவங்க வழிமொழிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்டயும் காலையிலயே வீட்டுக்கு போய் சொல்லிட்டேன். ஒருத்தங்களுக்கு வருத்தம்தான், ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க. வாபஸ் குடுத்துட்டா திரும்ப மாத்த முடியாதுன்னு எனக்கு தெரியும், தெரிஞ்சேதான் குடுக்குறேன்.

உங்ககிட்ட மூணு விஷயம் கேட்டுக்கிறேன் சார். இறுதி வேட்பாளர் பட்டியல்ல என் பேர எடுத்துருங்க. இந்த லெட்டர் எத்தனை மணிக்கு கைக்கு வந்துச்சுன்னு நேரம் போட்டு கையெழுத்தோட ஒரு காப்பி எனக்கு குடுங்க. அப்புறம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுறப்ப வேட்பாளர் நேர்ல வந்து தானா வாபஸ் வாங்கினாங்கன்னு ஒரு வரி சேக்க முடிஞ்சா சேருங்க, நாளைக்கு பால் ஊத்த வர்ற எல்லாரும் அத படிப்பாங்க.

அடையாளத்துக்கு உறுப்பினர் கார்டும் ஆதாரும் கொண்டு வந்திருக்கேன், உங்க முன்னாடியே கையெழுத்து போடுறேன்.

இப்படிக்கு,
சி. மல்லிகா
உறுப்பினர் எண் 214